நீருக்கு மேல் பிடித்த வாயுவில் எது எவ்வளவு: பகுதி அழுத்தமும் மோல் பின்னமும், ஒரு பியூரெட்டை வைத்து முழுக் கணக்கு

சுங்கை சிப்புட் பட்டணத்தில், தகரக் கூரை போட்ட டியூஷன் அறையில், பிற்பகல் இரண்டு மணிக்கு வாளித் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும். பாடப்புத்தகத்தின் கணக்குகள் பெரும்பாலும் 25 டிகிரியிலும் 101.3 கிலோபாஸ்கலிலும் நடக்கின்றன. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால் விடை கொஞ்சம் பிசகும். அதைவிட மோசம், சில சமயம் தப்பான கணக்கு சரியான விடையைப் போலவே தோற்றம் தரும். அது எப்படி நடக்கிறது என்பதைக் கீழே எண்களோடு காட்டுகிறேன்.

எடுத்துக்கொள்ளும் சோதனை ஒன்றுதான். 0.040 கிராம் மெக்னீசியம் நாடாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, வரும் ஹைட்ரஜனைத் தலைகீழாகக் கவிழ்த்த பியூரெட்டில் நீருக்கு மேல் பிடிக்கிறோம். படிவம் ஆறு மாணவர்களுக்கு இந்தக் கருவிகள் எல்லாமே பழக்கமானவை. பிடித்த வாயுவில் ஹைட்ரஜன் எவ்வளவு, நீராவி எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை.

பியூரெட்டைத் தயார் செய்வது

முதலில் நாடாவின் எடை. 0.040 கிராமைச் சாதாரணத் தராசில் நேரடியாக நிறுத்தால் பிழை அதிகம். அரை மீட்டர் நாடாவை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, முழுவதையும் எடைபோட்டு, ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வேண்டிய நீளத்தை வெட்டினால் போதும். தேய்க்காமல் விட்டால் மேலே படிந்திருக்கும் ஆக்ஸைடும் எடையில் சேரும். அது அமிலத்தில் கரையும், ஆனால் வாயு எதுவும் தராது.

அடுத்து, பலரும் மறக்கும் ஒரு விஷயம். பியூரெட்டில் 50 என்ற கோட்டுக்கும் குழாய்த் திருகுக்கும் நடுவே அளவுக்கோடு இல்லாத ஓர் இடம் உண்டு. பியூரெட்டைக் கவிழ்த்தால் அந்த இடம் உச்சிக்குப் போய்விடும், வாயு முதலில் நிறைவதும் அங்கேதான். அதனால் சோதனைக்கு முன்பே பியூரெட்டை நேராக நிறுத்தி, 50 கோடு வரை தண்ணீர் விட்டு, மீதியை ஒரு சின்ன அளவு உருளையில் வடித்து அளந்து வையுங்கள். என்னிடம் உள்ள பியூரெட்டில் அது 3.4 மி.லி. உங்களுடையதில் வேறாக இருக்கும். இந்த அளவைச் சேர்க்காவிட்டால் நம் சோதனையில் வாயுவின் கன அளவு 8 விழுக்காடு குறைந்துபோகும்.

இப்போது திருகை மூடி, லிட்டருக்கு 3 மோல் செறிவுள்ள அமிலம் 10 மி.லி. ஊற்றுங்கள். அதன் மேல் தண்ணீரை, கண்ணாடிச் சுவரோரமாக வழியவிட்டு, வாய் நிறைய ஊற்றுங்கள். அமிலம் தண்ணீரைவிடக் கனமானது, அடியில் தங்கியிருக்கும். நாடாவைச் சுருட்டி, மெல்லிய செம்புக் கம்பியால் கூடு மாதிரி சுற்றி, கம்பியின் நுனியை வாய் விளிம்பில் மாட்டுங்கள். செம்பு இந்த அமிலத்தோடு வினைபுரியாது, அதனால் கணக்கில் குறுக்கே வராது. கையுறை போட்ட விரலால் வாயை மூடி, தண்ணீர் நிறைந்த வாளிக்குள் கவிழ்த்துவிட்டு விரலை எடுங்கள். கனமான அமிலம் மெல்ல இறங்கி மெக்னீசியத்தைத் தொட்டதும் குமிழ்கள் கிளம்பும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. வருவது ஹைட்ரஜன்.

வாளி என்றேன், சின்ன பேசின் அல்ல. 20 லிட்டர் பெயிண்ட் வாளி மாதிரி ஆழமானதாக இருக்க வேண்டும். காரணம் சீக்கிரம் வரும்.

எடுக்க வேண்டிய மூன்று அளவுகள்

நாடா முழுவதும் கரைந்து குமிழ் நின்ற பிறகு உடனே படிக்கக் கூடாது. இந்த வினை சூடு தருவது. பத்து நிமிடமாவது பொறுத்து, வாயுவும் தண்ணீரும் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும். அதற்குப் பின் வெப்பமானியை வாளித் தண்ணீரில், பியூரெட்டின் வாய்க்கு அருகில் வையுங்கள். காற்றின் வெப்பநிலை இங்கே உதவாது. வாயுவைத் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரின் வெப்பநிலைதான் நீராவியின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. நம் ஊரில் இன்னொரு தொல்லை: கூரைமேல் தொட்டியிலிருந்து மதியம் பிடிக்கும் தண்ணீர் அறையைவிட மூன்று நான்கு டிகிரி சூடாகவே வரும். முந்தின இரவே வாளியை நிரப்பி அறையில் வைத்துவிட்டால் இரண்டும் சமமாகிவிடும். இந்தச் சோதனையில் வெப்பமானி காட்டியது 30 டிகிரி.

இரண்டாவது அளவு, அன்றைய காற்றழுத்தம். இதில் கைப்பேசி ஏமாற்றும். வானிலைச் செயலி காட்டும் எண், கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். ஊர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வானிலை வரைபடம் போடுவதற்காக அப்படி மாற்றுகிறார்கள். நமக்கு வேண்டியது நம் மேசைமேல் இருக்கும் உண்மையான அழுத்தம். சில கைப்பேசிகளுக்குள்ளேயே அழுத்தமானி உணரி இருக்கிறது, அதை நேராகப் படிக்கும் செயலியைப் பயன்படுத்தலாம். அது இல்லையென்றால், செயலி காட்டும் எண்ணிலிருந்து ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1.1 கிலோபாஸ்கல் கழித்துக்கொள்ளலாம். தாழ்வான ஊர்களுக்கு இந்தத் தோராயம் போதும். அன்று உணரி காட்டியது 1004 ஹெக்டோபாஸ்கல், அதாவது 100.4 கிலோபாஸ்கல்.

மூன்றாவது, கன அளவு. பியூரெட்டை வாளிக்குள் இன்னும் ஆழமாக இறக்கி, உள்ளே இருக்கும் நீர்மட்டமும் வெளியே இருக்கும் நீர்மட்டமும் ஒரே கோட்டில் வரச் செய்யுங்கள். ஆழமான வாளி கேட்டது இதற்குத்தான். இரண்டு மட்டமும் சமமாக இருக்கும்போது உள்ளே இருக்கும் வாயுவின் மொத்த அழுத்தம் வெளிக் காற்றழுத்தத்துக்குச் சமம். அந்த நிலையில் அளவுக்கோடு 10.8 காட்டியது. வாயு நிரப்பிய இடம் 50 − 10.8, அதாவது 39.2 மி.லி. அதோடு கோடில்லாத 3.4 சேர்த்தால் 42.6 மி.லி.

கழித்தல், அதன் காரணம்

பியூரெட்டின் உள்ளே ஹைட்ரஜன் மட்டும் இல்லை. அடியில் தண்ணீர் இருக்கும் எந்த மூடிய இடத்திலும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும், ஆவியும் தண்ணீருக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். இரண்டு வேகமும் சமமானதும் ஆவி தெவிட்டிவிடும். அப்போது நீராவி தரும் அழுத்தம் வெப்பநிலையை மட்டும் பொறுத்தது. கூட எந்த வாயு இருக்கிறது, இடம் பெரிதா சின்னதா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 25 டிகிரியில் 3.17 கிலோபாஸ்கல், 28 டிகிரியில் 3.78, 30 டிகிரியில் 4.25, 32 டிகிரியில் 4.76. சூடு ஏற ஏற எவ்வளவு வேகமாகக் கூடுகிறது பாருங்கள்.

கலவையில் ஒவ்வொரு வாயுவும் தான் மட்டுமே அந்த இடத்தில் இருந்தால் எவ்வளவு அழுத்தம் தருமோ அவ்வளவையே தரும், எல்லாவற்றின் கூட்டல்தான் மொத்த அழுத்தம் என்று ஜான் டால்டன் 1801இல் சொன்னார். அவர் வானிலையைக் குறித்துவைப்பதில் விடாப்பிடியான ஆள். காற்றோடு நீராவி எப்படிக் கலந்து நிற்கிறது என்ற யோசனைதான் அவரை இந்த விதிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆகவே நம் கணக்கு அந்த விதியின் சொந்த ஊரிலேயே நடக்கிறது.

```
P(H2) = P(மொத்தம்) − P(H2O)
      = 100.4 − 4.25
      = 96.15 kPa
```

இதுதான் ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம். மோலுக்குப் போக, வழக்கமான வாயுச் சமன்பாடு போதும். அழுத்தத்தைக் கிலோபாஸ்கலிலும் கன அளவை லிட்டரிலும் போட்டால், R-ஐ 8.314 என்றே வைத்துக்கொள்ளலாம், வேறு மாற்றம் எதுவும் தேவையில்லை.

```
n(H2) = 96.15 × 0.0426 / (8.314 × 303.15)
      = 0.001625 mol
```

சமன்பாட்டில் போடும் கன அளவு முழு 42.6 மி.லி. ஹைட்ரஜனுக்குத் தனியாக ஒரு கன அளவு, நீராவிக்குத் தனியாக ஒரு கன அளவு என்று சிலர் பிரிக்கப் பார்ப்பார்கள். இரண்டு வாயுவும் அதே 42.6 மி.லி. முழுவதும் பரவித்தான் இருக்கின்றன. பங்கு போட்டுக்கொள்வது அழுத்தத்தை மட்டும்தான். பகுதி அழுத்தம் என்றால் முழுக் கன அளவு. இந்த ஜோடியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

மோல் பின்னம்

மோல் பின்னம் என்பது மொத்த மோலில் ஒரு வாயுவின் பங்கு. இரண்டு வாயுவுக்கும் கன அளவும் வெப்பநிலையும் ஒன்றே என்பதால், மோல்களின் விகிதமும் பகுதி அழுத்தங்களின் விகிதமும் ஒன்றாகவே இருக்கும். அதனால் மோலைக் கண்டுபிடிக்காமலேயே பின்னத்தைச் சொல்லிவிடலாம்.

```
x(H2)  = 96.15 / 100.4 = 0.958
x(H2O) =  4.25 / 100.4 = 0.042
```

நூறு மூலக்கூறை எடுத்தால் நான்கு சொச்சம் தண்ணீர். "நாலு விழுக்காடுதானே சார், விட்டுடலாமே" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். எடையில் பார்த்தால் அந்த நாலு எப்படி மாறுகிறது என்று ஒரு தடவை போட்டுக் காட்டுவது நல்லது. நீராவியின் மோல் 0.0000718. ஒரு மோல் தண்ணீர் 18 கிராம் என்பதால் இது 1.3 மில்லிகிராம். ஹைட்ரஜன் 0.001625 மோல் இருந்தும், அதன் எடை வெறும் 3.3 மில்லிகிராம். அதாவது பியூரெட்டுக்குள் இருக்கும் வாயுவின் எடையில் 28 விழுக்காடு தண்ணீர்! மோல் பின்னத்தை எடைப் பின்னமாக நினைத்துக்கொள்ளும் மாணவர் இந்த இடத்தில் நன்றாக மாட்டிக்கொள்வார். ஹைட்ரஜன் போன்ற எடை குறைந்த வாயுவில்தான் இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதாகும். அதே பின்னத்தில் ஆக்ஸிஜனோடு நீராவி கலந்திருந்தால், எடையில் அது மூன்று விழுக்காட்டைக்கூடத் தொடாது.

சரிபார்ப்பு: இரண்டு தப்பு, இரண்டு முகம்

மெக்னீசியம் ஒரு மோல் கரைந்தால் ஹைட்ரஜன் ஒரு மோல் வரும். 0.040 கிராமை 24.3 ஆல் வகுத்தால் 0.001646 மோல் வர வேண்டும். நமக்கு வந்தது 0.001625, அதாவது 98.7 விழுக்காடு. கொஞ்சம் ஆக்ஸைடு, கூட்டிலிருந்து நழுவிய ஒரு சின்னத் துணுக்கு, படிக்கும்போது அரைக் கோடு பிசகு என்று பார்த்தால் இது நம்பத்தகுந்த எண்.

நீராவியைக் கழிக்காமல் 100.4 கிலோபாஸ்கலையே ஹைட்ரஜனுக்குக் கொடுத்திருந்தால் 0.001697 மோல் வந்திருக்கும். 103 விழுக்காடு. போட்ட உலோகம் தரக்கூடியதைவிட அதிகமான வாயு வர வழியே இல்லை. அதனால் இந்தத் தப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். நூறைத் தாண்டினால் முதலில் நீராவியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் இரண்டாவது தப்பு அப்படி மாட்டாது. கழிக்கத் தெரியும், ஆனால் புத்தகத்தில் பார்த்த 25 டிகிரியின் 3.17ஐக் கழித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஹைட்ரஜனின் அழுத்தம் 97.23 ஆகும், மோல் 0.001643. விழுக்காடு 99.8! மாணவர் முகம் மலர்ந்துவிடும், ஆசிரியரும் சரி என்று போட்டுவிடுவார். நிஜத்தில் நடந்தது என்ன? நாடா சரியாகத் தேயாததால் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தது. தப்பான ஆவி அழுத்தம் ஏறக்குறைய அதே அளவைக் கூட்டிவிட்டது. ஒரு பிழை இன்னொன்றை மூடிவிட்டது. அதனால்தான் விடைத்தாளில் விழுக்காட்டைப் பார்ப்பதற்கு முன் நான் வெப்பநிலையையும் அதற்குப் பக்கத்தில் எழுதிய ஆவி அழுத்தத்தையும் பார்ப்பேன். வெப்பமானி எண்ணும் அட்டவணை எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது.

மட்டம் சமன் ஆகாவிட்டால்

பள்ளி ஆய்வகத்தில் ஆழமான வாளிக்கு இடம் இருக்காது. ஆழமில்லாத பேசினில் கவிழ்த்தால் பியூரெட்டை இறக்க முடியாது, உள்ளே நீர்மட்டம் வெளியே இருப்பதைவிட உயரமாகவே நிற்கும். அந்த நீர்த்தூணைத் தாங்கிப் பிடிப்பதில் வெளிக் காற்றழுத்தத்தின் ஒரு பங்கு செலவாகிறது. மீதிதான் வாயுவின் அழுத்தம். ஒவ்வொரு 10 செ.மீ. நீர்த்தூணுக்கும் 0.98 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்மட்டம் 12 செ.மீ. உயரமாக நின்றால் 1.18 கிலோபாஸ்கல் குறையும். வாயுவின் மொத்த அழுத்தம் 99.22, நீராவி எப்போதும் போல 4.25, ஹைட்ரஜனுக்கு 94.97. அழுத்தம் குறைந்ததால் அதே ஹைட்ரஜன் கொஞ்சம் விரிந்து, கன அளவு 43.1 மி.லி. காட்டும். போட்டுப் பாருங்கள், மோல் 0.001624 என்று பழைய இடத்துக்கே வந்து நிற்கும். எந்தத் திசையில் திருத்துவது என்று குழம்பினால் பியூரெட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். உள்மட்டம் உயரமாக இருந்தால் வாயு பலவீனம், கழிக்க வேண்டும். உள்மட்டம் தாழ்வாக இருந்தால் வாயு தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கிறது, கூட்ட வேண்டும்.

வரிசையும் முக்கியம். முதலில் நீர்த்தூணைக் கழித்து வாயுக் கலவையின் மொத்த அழுத்தத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு நீராவியைக் கழியுங்கள். ஹைட்ரஜனின் அழுத்தத்துக்கு எந்த வரிசையில் கழித்தாலும் ஒரே விடைதான். ஆனால் மோல் பின்னத்துக்கு வகுக்கும் எண் 99.22 ஆக இருக்க வேண்டும், 100.4 அல்ல. அந்த 1.18 தண்ணீரைத் தாங்கும் அழுத்தம், எந்த வாயுவுக்கும் சொந்தமில்லை.

மூன்றாவது ஆள்: காற்று

வினைவேகச் சோதனையில் பழகிய கை ஒரு காரியம் செய்யும். பியூரெட்டைக் கவிழ்த்த பிறகு திருகைச் சற்றுத் திறந்து, நீர்மட்டத்தை 50 கோட்டுக்கு இறக்கிவிட்டுத் தொடங்கும். வேகம் பார்க்கும்போது இதனால் பெரிய கெடுதல் இல்லை, அங்கே கன அளவு எவ்வளவு மாறியது என்பதுதான் கேள்வி. இங்கே அது ஒரு மூன்றாவது வாயுவை உள்ளே விட்டுவிடுகிறது. கோடில்லாத 3.4 மி.லி. இடத்தில் இப்போது காற்று.

இதையும் கணக்கில் எடுக்கலாம். தொடக்கத்தில் அந்தக் காற்றுக்குக் கீழே 55 செ.மீ. நீர்த்தூண் தொங்குகிறது, அதனால் அதன் மொத்த அழுத்தம் 100.4 − 5.4, அதாவது 95.0. அதிலும் தெவிட்டிய நீராவி இருக்கிறது, 4.25ஐக் கழித்தால் உலர்ந்த காற்றுக்கு 90.75 கிலோபாஸ்கல். இந்தக் காற்று எங்கும் போகாது, வினை முடிந்தபின் பெரிய இடத்தில் பரவி மெலிந்திருக்கும். முடிவில் மட்டத்தைச் சமன் செய்து படித்தால் மொத்தம் 45.8 மி.லி. என்று வைத்துக்கொள்வோம்.

```
P(காற்று) = 90.75 × 3.4 / 45.8 = 6.74 kPa
P(H2) = 100.4 − 4.25 − 6.74 = 89.41 kPa
n(H2) = 89.41 × 0.0458 / (8.314 × 303.15)
      = 0.001625 mol
```

ஹைட்ரஜன் அதே அளவுதான் வந்திருக்கிறது. ஆனால் மோல் பின்னம் இப்போது ஹைட்ரஜனுக்கு 0.891, காற்றுக்கு 0.067, நீராவிக்கு 0.042. கடைசி எண்ணைக் கவனியுங்கள், அது அசையவே இல்லை. எத்தனை வாயு உள்ளே வந்தாலும், மொத்த அழுத்தமும் தண்ணீரின் வெப்பநிலையும் மாறாதவரை நீராவியின் பின்னம் மாறாது. காற்று இடம் பிடித்தது ஹைட்ரஜனின் பங்கில்தான்.

குடுவையில் வினையை நடத்தி, ரப்பர் குழாய் வழியாக வாயுவைக் கொண்டுவந்து பிடித்தால் நிலைமை இன்னும் மோசம். குடுவையின் மேற்பாதியில் இருந்த காற்றுதான் முதலில் தள்ளிக்கொண்டு வரும். வெளியேறிய மொத்தக் கன அளவை வைத்து மோலைக் கணக்கிட்டால் விடை சரியாக இருக்கலாம், ஏனென்றால் புதிதாக வந்த வாயு அதே அளவு காற்றைத்தானே தள்ளியது. ஆனால் பியூரெட்டில் பிடித்தது பெரும்பாலும் காற்று. மோல் பின்னம் கேட்கும் கேள்விக்கு இந்த அமைப்பு ஒத்துவராது. கரியமில வாயுவை நீருக்கு மேல் பிடிப்பதும் வேண்டாம். இந்த வெப்பத்திலும் ஒரு லிட்டர் தண்ணீர் தன் கன அளவில் பாதிக்கும் மேலான கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும்.

அமுக்கினால் என்ன ஆகும்

தேர்வில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமான கேள்வி ஒன்று வரும். நீருக்கு மேல் பிடித்த இந்த 42.6 மி.லி. கலவையை, வெப்பநிலை மாறாமல், 21.3 மி.லி.க்கு அமுக்கினால் மொத்த அழுத்தம் எவ்வளவு?

பாயில் விதியை நினைத்து 100.4ஐ இரட்டித்து 200.8 என்று எழுதத் தோன்றும். ஹைட்ரஜன் அப்படித்தான் நடக்கும், 96.15 இரண்டு மடங்காகி 192.3 ஆகும். நீராவி அதற்கு உடன்படாது. அது ஏற்கெனவே தெவிட்டி நிற்கிறது. இடம் சுருங்கினால் பாதி நீராவி தண்ணீராகிக் கண்ணாடிச் சுவரில் பனித்துவிடும், மீதி அதே 4.25 கிலோபாஸ்கலில் நிற்கும். மொத்தம் 196.55. நீராவியின் மோல் பின்னம் 0.042லிருந்து 0.022க்கு இறங்கிவிடும். பாயில் விதி பொய்யாகவில்லை. வாயுவின் மோல் எண்ணிக்கை மாறாத இடத்தில்தான் அந்த விதி பேசும், இங்கே மோல் குறைந்துவிட்டது. கேள்வியில் "நீருக்கு மேல்" என்ற சொல்லைக் கண்டால், நீராவியை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்து, மற்ற வாயுக்களுக்கு மட்டும் பாயில் விதியைப் போடுங்கள்.

அதே நாடா, மலைமேல்

இதே 0.040 கிராம் நாடாவை, அதே அளவு தேய்த்து, கேமரன் மலையில் தானா ராத்தாவில் கரைத்தால் எப்படி இருக்கும்? ஊர் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 85.5 கிலோபாஸ்கல். தண்ணீர் 19 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஆவி அழுத்தம் 2.20. ஹைட்ரஜனுக்கு 83.3 கிடைக்கும். அதே 0.001625 மோல் ஹைட்ரஜன் அங்கே 47.4 மி.லி. இடத்தைப் பிடிக்கும். கோடில்லாத இடத்தையும் சேர்த்தால்தான் பியூரெட்டுக்குள் வசதியாக அடங்கும், அதனால் மலையில் நாடாவைச் சற்றுக் குறைத்து வெட்டுவது நல்லது. நீராவியின் மோல் பின்னம் 2.20ஐ 85.5ஆல் வகுத்தால் 0.026. கீழே நம் ஊரில் 0.042. குளிர் ஊர் என்பதால் அழுத்தம் குறைந்திருந்தும் பின்னம் சிறிதாகிவிட்டது.

வானிலைச் செயலியை நம்புவது மலையில்தான் பெரிய ஆபத்து. தானா ராத்தாவில் இருந்துகொண்டே அது காட்டும் எண் 1010 ஹெக்டோபாஸ்கல் பக்கமாக இருக்கும். அதை விட்டுப் புத்தகத்தின் 101.3ஐ எடுத்தாலும் இதே கதைதான். அந்த 101.3இலிருந்து 2.20ஐ ஒழுங்காகக் கழித்து, 47.4 மி.லி.க்குக் கணக்குப் போட்டால் 0.001934 மோல் வரும். உலோகம் தரக்கூடியதில் 117 விழுக்காடு. நீராவியை முழுசாக மறந்தாலும் நம் ஊரில் நூற்றிமூன்றோடு நின்றது. அதனால் நூறைச் சற்றே தாண்டிய விடைக்கு ஆவி அழுத்தத்தைப் பாருங்கள், நூற்றிப்பத்தைத் தாண்டிய விடைக்குக் காற்றழுத்தத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள்.